‘வழியில் இருக்கிறது’ என்று நான் எழுதிய பதினொன்றரை லட்சம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு நூல் தரும் மில்களில் ஒன்று இராஜபாளையம் பக்கம் இருக்கிறது. 2024 மார்ச் 31 தேதியிட்டு அந்த மில்லிலிருந்து நிலுவை உறுதிக் கடிதம் வந்தது. நாங்கள் தர வேண்டியது ரூ.20,81,900 என்று அதில் இருந்தது. எங்கள் பேரேட்டிலோ அதே நாளில் அந்த மில்லுக்குத் தர வேண்டியது ரூ.9,24,300 மட்டுமே. இடைவெளி ரூ.11,57,600. ஆண்டு முடிவில் நூல் மில் கணக்கு டேலி ஆகாமல் இருப்பது புதிதல்ல என்பதால் நான் பதறவில்லை. பதறாமல் இருந்ததுதான் அடுத்த மூன்று வாரங்களுக்கு எனக்கு வேலை வைத்தது.

முதலில் மில்லிடம் ஸ்டேட்மென்ட் கேட்டேன். அவர்கள் அனுப்பியது நிலுவையில் உள்ள பில்களின் பட்டியல். எந்த பில், என்ன தேதி, எவ்வளவு பாக்கி என்பது மட்டுமே அதில் இருக்கும். ஏற்கெனவே தீர்ந்த பில்களும் அவற்றுக்கு வந்த பணமும் அதில் தெரியாது. நாம் அனுப்பிய தொகை அவர்கள் புத்தகத்தில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதை அந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே பேரேட்டு நகலைக் கேட்டு வாங்கினேன். கடைசியாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிலுவை 2023 டிசம்பர் 31-ஆம் தேதியினுடையது; அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, ஜனவரி 1-இன் ஆரம்ப இருப்பு இரண்டு புத்தகத்திலும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே கீழே இறங்கினேன். ஆரம்ப இருப்பே வேறாக இருந்தால் மூன்று மாத வரிகளை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒப்புக்கொண்ட ஒரு தேதி கிடைக்கும்வரை பின்னோக்கித்தான் போக வேண்டும்.

அவர்கள் பற்று நமக்கு வரவு, அவர்கள் வரவு நமக்குப் பற்று என்பது தெரிந்ததுதான். ஆனால் இரு பக்கமும் பில் எண் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. மில்லின் பேரேட்டில் எண்ணுக்கு முன்னால் நிறுவனச் சுருக்கமும் ஆண்டும் இருக்கும்; எங்கள் பையன்கள் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் டேலியில் போட்டிருப்பார்கள். எக்செல்லில் நேராகத் தேடினால் ஒன்றும் பொருந்தாது. மில்லின் பட்டியலில் ஒரு பத்தியைச் சேர்த்து, கடைசி நான்கு இலக்கத்தையும் தொகையையும் ஒட்டி ஒரு சாவியாக்கிக்கொண்டேன்:

```
=RIGHT(B2,4)&"-"&ROUND(F2,0)
```

எங்கள் பட்டியலில் எண் எழுத்தாக இருக்கிறதா, இலக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலக்கமாக இருந்தால் 0417 என்பது 417 ஆகிவிட்டிருக்கும்; அங்கே `TEXT(B2,"0000")` என்று எழுதி பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இரு பக்கமும் இந்தச் சாவி கிடைத்ததும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பில்களில் பெரும்பாலானவை ஒரே மூச்சில் பொருந்தி ஒதுங்கின. மிஞ்சியவை ஏழே வரிகள்.

அந்த ஏழு வரிகளையும் வகை பிரித்து நான் முதலில் தயாரித்த தாள் இது:

எங்கள் பேரேட்டின்படி நிலுவை: 9,24,300
கூட்டுக: வழியில் உள்ள பில்கள் (2): 4,72,500
கூட்டுக: வழியில் உள்ள பணம் (2): 6,50,000
கூட்டுக: மில் இன்னும் ஏற்காத எங்கள் டெபிட் நோட்: 63,000
கூட்டுக: பிடித்தம் செய்த டிடிஎஸ்: 3,600
கழிக்க: எங்களுக்கு வந்து சேராத கிரெடிட் நோட்: 31,500
மில் ஸ்டேட்மென்ட்டின்படி நிலுவை: 20,81,900

ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லாமல் நின்றது. திருப்தியோடு ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே எங்கள் கணக்கைப் பார்க்கும் தம்பி மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். தாளின் வலது ஓரத்தில் காலியாக இரண்டு பத்திகளைச் சேர்த்து, ஒன்றுக்கு ‘கிளம்பிய தேதி’ என்றும் மற்றொன்றுக்கு ‘சேர்ந்த தேதி’ என்றும் தலைப்பு போட்டிருந்தார். தொலைபேசியில், “சார், ரெண்டு புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வரிசையா எழுதினா கூட்டுத்தொகை சரியாத்தான் வரும். அது வழியில இருக்குன்னு யார் சொன்னது?” என்றார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

ஆனால் அவர் சொன்னது உண்மை. கூட்டல் சரியாக வந்ததற்குக் காரணம், பொருந்தாதவற்றையெல்லாம் நானே பொறுக்கி எழுதியதுதான். அவற்றுக்கு ‘வழியில்’ என்ற பெயரை வைத்தது மட்டுமே என் பங்கு, அந்தப் பெயருக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. எது எப்போது கிளம்பியது, அந்த வகைப் பொருளோ பணமோ வந்து சேர இயல்பாக எத்தனை நாள் ஆகும், எந்த நாளில் மறுபக்கத்துப் புத்தகத்தில் உட்கார்ந்தது என்ற மூன்றையும் எழுதிய பிறகுதான் ஏழு வரிகளும் வேறு வேறு முகம் காட்டின.

பணத்திலிருந்து தொடங்கினேன். 6,50,000-இல் ஒன்று ரூ.2,50,000-க்கான காசோலை, மார்ச் 28 வியாழக்கிழமை மாலை கூரியரில் போனது. மறுநாள் புனித வெள்ளி, அடுத்து சனி, பிறகு ஞாயிறு, ஏப்ரல் 1 அன்று வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக மூடியிருந்தன. மில் ஏப்ரல் 2-ஆம் தேதி வங்கியில் போட்டது, மறுநாள் எங்கள் கணக்கில் கழிந்தது. கூரியர் ரசீது, வங்கி அறிக்கை, மில்லின் ஏப்ரல் பேரேடு மூன்றிலும் தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. மார்ச் 31 வங்கிச் சரிகட்டும் பட்டியலிலும் இதே காசோலை, இதே தொகை, ‘இன்னும் செலுத்தப்படாதது’ என்று இருந்தது. இது ஐயத்துக்கு இடமில்லாமல் வழியில் இருந்த பணம். கூரியர் ரசீதைத் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு: ஆண்டு முடிவில் நிலுவையைக் குறைத்துக் காட்டுவதற்காகக் காசோலையை எழுதிப் பேரேட்டில் ஏற்றிவிட்டு மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கைவிட்டுப் போகாத காசோலை வழியில் உள்ள பணம் ஆகாது, அந்தத் தொகையை மீண்டும் நிலுவையில் ஏற்றியாக வேண்டும்.

மற்றது ரூ.4,00,000, மார்ச் 12 அன்று ஆர்டிஜிஎஸ் மூலம் போனது. இதை எப்படி ‘வழியில்’ என்று எழுதினேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆர்டிஜிஎஸ் பணம் பெறுபவரின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் அவர் கணக்கில் ஏற வேண்டும் என்பது விதி. ஏற்ற முடியாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பத்தொன்பது நாள் அது எந்த வழியில் இருக்க முடியும்? எங்கள் வங்கியில் கழிந்திருக்கிறது, திரும்பி வரவில்லை. ஆகவே மில்லின் வங்கிக் கணக்கில் அது நிச்சயம் இருக்கிறது, மில்லின் பேரேட்டில்தான் வேறு எங்கோ இருக்கிறது.

22 எழுத்துகள் கொண்ட யுடிஆர் எண்ணையும் தேதியையும் மில்லின் கணக்காளருக்கு அனுப்பினேன். “உங்க பேர்ல அன்னைக்கு எதுவும் வரலையே” என்றார். பேரேட்டைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்பது புரிந்ததால், எங்கள் முதலாளியின் தம்பி நடத்தும் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டேட்மென்ட்டை அனுப்பும்படி கேட்டேன். இரண்டு நிறுவனங்களின் பெயரும் முதல் பாதி ஒன்றுதான்; வங்கிக் குறிப்பில் பெயர் பாதியோடு வெட்டுப்பட்டு விழும். அந்த நிறுவனத்தின் பேரேட்டில் மார்ச் 12-ஆம் தேதி நான்கு லட்சம் வரவு, எந்த பில்லுக்கும் எதிராக வைக்கப்படாமல் `On Account` என்று நின்றது. தம்பி நிறுவனத்துக் கணக்காளருக்கோ இது தெரியாது. அவர்கள் அனுப்பாத பணம் அது. நான் சொன்ன அன்றே மில் ஒரு ஜர்னல் போட்டு அதை எங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பணம் அனுப்பும்போதும் எந்தெந்த பில்லுக்கு எவ்வளவு, டிடிஎஸ் எவ்வளவு, யுடிஆர் என்ன என்று ஒரு சிறு மின்னஞ்சலை அதே மாலையில் அனுப்பிவிடுகிறேன். வேலை ஐந்து நிமிடம்தான்.

அடுத்து பில்கள். ஒன்று மார்ச் 30 தேதியிட்டது. ஆயிரம் கிலோ நூல், கிலோ ரூ.300, 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.3,15,000. லாரி ஏப்ரல் 1 காலையில் எங்கள் குடோனுக்கு வந்தது. சரக்கு வராததால் மார்ச்சில் நாங்கள் பதியவில்லை. இது தேதி வித்தியாசம்தானே என்று விட்டுவிட எண்ணினேன். ஆனால் கொள்முதல் ஆர்டரைப் பிரித்துப் பார்த்தபோது விலை ‘மில் டெலிவரி’ என்றிருந்தது. லாரி வாடகையும் வழிக் காப்பீடும் எங்களுடையவை. அதாவது மார்ச் 30 அன்று மில் வாசலில் லாரியில் ஏறிய கணமே நூல் எங்களுடையதாகிவிட்டது. வழியில் லாரி கவிழ்ந்திருந்தால் நட்டம் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். ஆகவே மார்ச் 31-இலேயே கொள்முதலைப் பதிந்து, குடோன் இருப்பில் சேராத ‘வழியில் உள்ள சரக்கு’ என்று மூன்று லட்சத்தைக் காட்ட வேண்டியிருந்தது. உள்ளீட்டு வரியை மட்டும் சரக்கு கைக்கு வந்த ஏப்ரலில் எடுத்துக்கொண்டோம். ஒப்பந்தம் ‘திருப்பூர் டெலிவரி’ என்று இருந்திருந்தால் நிலைமை தலைகீழ்: எங்கள் புத்தகம் சரி, விற்பனையை முன்கூட்டியே காட்டியது மில். ‘வழியில் உள்ள பில்’ என்ற தலைப்பின் கீழ் யார் புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்பதை இந்த ஒரு வரி ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. அதைப் பார்க்காமல் தேதியை மட்டும் பார்ப்பவர்கள் ஆண்டு முடிவில் நிலுவையையும் சரக்கையும் ஒரே அளவு குறைத்துக் காட்டிவிடுவார்கள். லாபத்தில் வித்தியாசம் தெரியாது என்பதால் அந்தத் தவறு கண்ணில் படுவதும் இல்லை.

இரண்டாவது பில் பிப்ரவரி 19 தேதியிட்டது, ரூ.1,57,500. இராஜபாளையத்திலிருந்து நாற்பது நாளாக எந்த லாரி ஓடிக்கொண்டிருக்கும்? திருப்பூர்க்காரர்கள் இதைப் படித்ததும் ஊகித்திருப்பார்கள்: நூல் எங்கள் குடோனுக்கு வரவே இல்லை, மில்லிலிருந்து நேராக நிட்டிங்குக்குப் போய்விட்டது. அவசர ஆர்டர் என்பதால் மெர்ச்சண்டைசர் தொலைபேசியில் சொல்லி, பத்து பேக் நூலை ஜாப் ஒர்க் செய்யும் நிட்டிங் யூனிட்டிலேயே இறக்கச் சொல்லியிருக்கிறார். பில்லின் நகல் நூல் பேக்கோடு அங்கே போய், அவர்களுடைய சலான் கட்டில் குத்தப்பட்டுக் கிடந்தது. நூல் துணியாகி, துணி சாயமேறி, பனியனாகிக் கப்பலும் ஏறிவிட்டது. எங்கள் பேரேட்டில் மட்டும் அதன் விலை ஏறவில்லை. அந்த ஆர்டரில் நூல் செலவு குறைவாகத் தெரிந்தபோது, விலை பேசி வாங்கிய திறமை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இதை மார்ச் மாதத்திலேயே பிடித்திருக்கலாம். மில் தன் விற்பனையை ஜிஎஸ்டி தளத்தில் காட்டியதும் அந்த பில், நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான எங்கள் GSTR-2B-இல் வந்துவிட்டது; பிப்ரவரி மாதத்துக்கான 2B மார்ச் 14-இலிருந்தே கையில் இருந்தது. ஆனால் நாங்கள் ஒப்பிட்டது எப்போதும் ஒரே திசையில்: எங்கள் புத்தகத்தில் உள்ள பில் 2B-இல் இருக்கிறதா, வரி கிடைக்குமா என்று. 2B-இல் இருந்து எங்கள் புத்தகத்தில் இல்லாதது என்ன என்று யாரும் பார்த்ததில்லை. நமக்கு வராமல் போன பில்லை நமக்கே சொல்லும் பட்டியல் அது. இப்போது மாதம் ஒருமுறை அந்தத் திசையிலும் பார்க்கிறோம்.

மார்ச் 31 தேதியிட்டு மில் போட்ட ரூ.31,500 கிரெடிட் நோட் பெரிய சிக்கல் தரவில்லை. நூல் விலை இறங்கியதால், முன்பே பேசியபடி பத்தாயிரம் கிலோவுக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் வீதம் விலை வித்தியாசமும் அதற்கான வரியும் தந்திருந்தார்கள். காகிதம் ஏப்ரல் 5-ஆம் தேதி கைக்கு வந்தது. மார்ச் கொள்முதலுக்கு உரியது என்பதால் மார்ச்சிலேயே ஏற்றி, கூடவே ரூ.1,500 உள்ளீட்டு வரியைக் குறைத்தோம்.

நாங்கள் போட்ட டெபிட் நோட்தான் படுத்தியது. பிப்ரவரி 12 அன்று, பின்னிய துணியில் பட்டை விழுந்ததால் நான்கு பேக் நூலை, அதாவது 200 கிலோவை, பார்சல் சர்வீஸில் திருப்பி அனுப்பி, ரூ.63,000-க்கு டெபிட் நோட் போட்டு எங்கள் பேரேட்டில் கழித்துவிட்டோம். நம்முடைய டெபிட் நோட் நம் கோரிக்கை மட்டுமே. ஜிஎஸ்டி கணக்கில் அது எதையும் மாற்றாது, மில் தரும் கிரெடிட் நோட்தான் வரியைக் குறைக்கும். மில்லின் கிரெடிட் நோட் ஏப்ரல் 8-ஆம் தேதி வந்தது. தொகை ரூ.47,250. மூன்று பேக்குக்கு மட்டும்.

இந்த இடத்தில் பலர் செய்வது, மிச்சம் ரூ.15,750-ஐ ‘வழக்கில் உள்ளது’ என்று தள்ளிவைப்பது அல்லது தொல்லை விட்டது என்று செலவில் எழுதுவது. எங்களிடம் நான்கு பேக் என்று எழுதிய பார்சல் ரசீது இருந்தது. மில்லின் வாசல் பதிவேட்டில் மூன்று பேக் என்று செக்யூரிட்டி எழுதியிருந்தார். இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை என்றால் ஒரு பேக் நடுவில் நிற்கிறது. பார்சல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, சரக்கு மாற்றி ஏற்றும் மதுரை குடோனுக்குப் பேசச் சொன்னேன். “லேபிள் கிழிஞ்சு ஒரு நூல் பேக் ரொம்ப நாளா இங்க கிடக்குதுங்க, யாருதுன்னு தெரியல” என்று பதில் வந்தது. பேக்கின் மேல் இருந்த லாட் எண்ணை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார்கள். மில்லின் லாட் எண்தான். என் தாளில் இருந்த ஏழு வரிகளில், உண்மையிலேயே வழியில் இருக்கிறது என்று எல்லாவற்றையும்விட உறுதியாகச் சொல்லத்தக்கது அந்த ஐம்பது கிலோ நூலாகத்தான் இருந்தது.

கடைசி வரி டிடிஎஸ். அந்த மில்லிடம் நாங்கள் அந்த ஆண்டு பதிந்த கொள்முதல் வரி நீங்கலாக 86 லட்சம். 50 லட்சத்துக்கு மேற்பட்ட 36 லட்சத்துக்கு, அப்போதைய 194Q பிரிவின்படி 0.1 சதவீதம் ரூ.3,600 பிடித்திருந்தோம். விட்டுப்போன இரண்டு பில்களையும் மார்ச்சில் பதிந்ததும் அது ரூ.4,050 ஆனது. பிடித்ததை நாங்கள் உடனே மில் கணக்கில் கழித்துவிடுவோம். மில்லோ தன் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS-இல் தெரிந்த பிறகுதான் ஏற்றும். கடைசிக் காலாண்டு டிடிஎஸ் அறிக்கைக்கு மே 31 வரை நேரம் உண்டு என்பதால், இந்த வரி மட்டும் இரண்டு மாதம் நிற்பது இயல்பு. நான்கு லட்சம் பத்தொன்பது நாள் நின்றது தவறு, நாலாயிரம் அறுபது நாள் நின்றது சரி. தொகையைவிட அந்த வகைக்கு உரிய கால அளவுதான் என் கண்ணுக்கு இப்போது முதலில் படுகிறது.

எல்லாவற்றையும் திருத்திய பிறகு எங்கள் பேரேடு 9,24,300-இலிருந்து 13,64,850-க்கு வந்தது: இரண்டு பில்கள் கூடின, கிரெடிட் நோட்டும் கூடுதல் டிடிஎஸ் ரூ.450-ம் கழிந்தன. மில்லின் பக்கத்திலிருந்து 20,81,900-இல் இடம் மாறிய நான்கு லட்சம், காசோலை, திரும்பிப் போன நூல், டிடிஎஸ் ஆகியவற்றைக் கழித்தாலும் அதே 13,64,850. முன்பு போல ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகாமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் திருத்தி நடுவில் சந்திக்க வைக்கும் இந்த முறையில் யார் என்ன பதிவு போட வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடுகிறது. ஆண்டு முடிவில் நாங்கள் காட்ட வேண்டிய கடன் முதலில் காட்டியதைவிட நான்கு லட்சத்து நாற்பதாயிரம் அதிகம் என்பதையும் என் முதல் தாள் மறைத்திருந்தது.

ஏப்ரல் 30 தேதியிட்ட பேரேட்டு நகலை வாங்கி, மார்ச் தாளின் ‘சேர்ந்த தேதி’ பத்தியை நிரப்பினேன். காசோலைக்கு ஏப்ரல் 2, லாரிக்கு ஏப்ரல் 1, மூன்று பேக்குக்கு ஏப்ரல் 8. மதுரையில் கிடந்த பேக் மில்லுக்குப் போய், இரண்டாவது கிரெடிட் நோட் மே 17 அன்று வந்தது. டிடிஎஸ் வரிக்கு எதிரே தேதி போட்டுத் தாளைக் கோப்பில் குத்தியபோது ஜூன் பத்தாம் தேதி ஆகியிருந்தது.